வட்டிக்கு வாங்கிய பணத்தை வங்கியில் காட்டலாமா?

கேள்வி: ஐயா, நிலக்கோட்டைப் பக்கம் மூன்று ஏக்கரில் மல்லிகை போட்டிருக்கிறேன். மகள் மெக்கானிக்கல் முடித்து, வேடசந்தூர் நூற்பாலையில் இரண்டு வருடம் வேலை பார்த்தாள். அமெரிக்காவில் எம்.எஸ். இண்டஸ்ட்ரியல் இன்ஜினியரிங் கிடைத்திருக்கிறது. வீட்டை வைத்து 30 லட்சம் கல்விக்கடன் வாங்கிவிட்டோம். எங்கள் சேமிப்பு 6 லட்சம். ஏஜென்ட், "விசாவுக்கு இது பத்தாது, வட்டிக்கு 20 லட்சம் வாங்கிக் கணக்கில் போடுங்கள், சித்தப்பா கொடுத்தது என்று சொல்லுங்கள்" என்கிறார். செய்யலாமா?

பதில்: வேண்டாம். முதலில் I-20 படிவத்தை எடுத்துப் பாருங்கள். அதில் முதல் வருடச் செலவு போட்டிருக்கும். 40,000 டாலர் என்றும், டாலர் 85 ரூபாய் என்றும் வைத்தால் 34 லட்சம். உங்களிடம் 36 லட்சம் உண்மையாகவே இருக்கிறது. அடுத்த வருடத்துக்கு எங்கிருந்து வரும் என்று மட்டும் வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போட்டு வையுங்கள். விவசாய வருமானத்துக்கு வருமான வரி கிடையாது என்பதால் ரிட்டர்னில் அது பெரிதாகத் தெரியாது. பூ மார்க்கெட் கமிஷன் கடைச் சீட்டுகளும், அந்தப் பணம் ஏறிய பாஸ்புக்கும்தான் உங்கள் சாட்சி. திடீரென்று விழுந்த 20 லட்சம் இந்தக் கணக்கையே சந்தேகத்துக்கு உள்ளாக்கும். பொய் என்று முடிவானால், வாழ்நாள் முழுக்க அமெரிக்க விசாவுக்குத் தகுதி இல்லாமல் போகலாம். 214(b) பிரிவில் மறுத்தால் மறுபடி விண்ணப்பிக்கலாம்; பொய் என்ற முடிவுக்கு அப்படி எளிதான வழி இல்லை.

சென்னைத் துணைத் தூதரக ஜன்னலில் நேர்காணல் பெரும்பாலும் இரண்டு மூன்று நிமிடம்தான். ஃபைலைத் திறக்காமலே முடிந்துவிடலாம். அதனால் வாயால் சொல்வதுதான் முக்கியம். 'ஏன் இந்தப் படிப்பு?' என்றால் பல்கலைக்கழகத்தின் ரேங்க்கை ஒப்பிக்க வேண்டாம். ரிங் ஃபிரேமில் ஷிஃப்டுக்கு எத்தனை இழை அறுந்தது என்று மகள் எழுதி வைத்திருப்பாளே, அதைச் சொல்லட்டும். காரணத்தைக் கண்டுபிடிக்கத் தனக்குப் புள்ளியியல் போதவில்லை, இந்தப் பாடத்திட்டத்தில் அது இருக்கிறது என்று சொல்லட்டும். இந்தப் பதிலை வேறு யாரும் சொல்லிக் கொடுக்க முடியாது.

திரும்பி வருவது பற்றித்தான் பிள்ளைகள் அதிகம் தடுமாறுகிறார்கள். "தாய்நாட்டுக்குச் சேவை" என்ற மனப்பாட வரி வேண்டாம். படிப்பு முடிந்தபின் 12 மாதம் ஓ.பி.டி. பயிற்சி வேலைக்குச் சட்டமே இடம் தருகிறது. கேட்டால் மறைக்க வேண்டியதில்லை. அதன்பின் எந்த மாதிரி ஆலையில், என்ன வேலைக்கு இங்கே வருவாள் என்பதை அவள் மனதில் உள்ளபடி சொல்லட்டும். அங்கேயே குடியேறுவதுதான் முடிவு என்றால் மாணவர் விசா அதற்கானது அல்ல. அதை இப்போதே அவளிடம் கேட்டுவிடுங்கள்.

DS-160 படிவத்தில் ஏஜென்ட் ஏற்கெனவே சித்தப்பா பெயரைப் போட்டு அனுப்பியிருந்தால், நேர்காணலுக்குச் சில நாள் முன்பே புதுப் படிவம் நிரப்பி, அதன் எண்ணை அப்பாயின்ட்மென்ட் கணக்கில் மாற்றுங்கள். அனுப்பும் முன் ஒவ்வொரு வரியையும் மகளே படிக்கட்டும்.