தொலைந்த மதிப்பெண் சான்றிதழுக்கு இரண்டாம்படி பெறும் முறை

பத்தாம் வகுப்புத் தேர்வின் மதிப்பெண் சான்றிதழைத் தவறவிட்டுவிட்டு, "இனி என்ன செய்வது?" என்று கேட்டு நம் சங்க அலுவலகத்திற்கு வருவோர் ஆண்டுதோறும் சிலர் உண்டு. தமிழ்நாட்டில் எஸ்.எஸ்.எல்.சி., மேல்நிலைத் தேர்வுகளின் சான்றிதழ்களை அளிப்பது சென்னைக் கல்லூரிச் சாலையிலுள்ள அரசுத் தேர்வுகள் இயக்ககம். மூலச் சான்றிதழ் போய்விட்டால் அதற்கு இரண்டாம்படி அளிப்பதும் அதே இயக்ககந்தான். பள்ளிக்கூடம் விண்ணப்பத்தைப் பரிந்துரைத்து அனுப்புமேயன்றித் தானே மதிப்பெண் சான்றிதழை எழுதித் தர அதற்கு அதிகாரம் கிடையாது. மாற்றுச் சான்றிதழ் எனப்படும் டி.சி.யின் சங்கதி வேறு. அதைத் தந்தது பள்ளி; அதன் நகலையும் பள்ளிப் பதிவேட்டைப் பார்த்துத் தலைமையாசிரியரே தருவார். இரண்டும் ஒரே பையில் தொலைந்திருந்தாலும் அவற்றைத் தேடிச் செல்லும் வழிகள் இரண்டாகப் பிரிகின்றன என்பதை முதலில் மனத்தில் கொள்ள வேண்டும்.

இதனை ஓர் உண்மை நிகழ்ச்சியைக் கொண்டே விளக்குவோம். நெசவாளர் சங்கமொன்றில் எழுத்தராகத் தற்காலிகப் பணி புரியும் அம்மையார் ஒருவர், கூட்டுறவு மேலாண்மைப் பட்டயப் பயிற்சியில் சேர விரும்பினார். அப்பயிற்சி இருந்தால்தான் பணி நிலைக்கும் என்ற நிலைமை. சேர்க்கையின்போது மூலச் சான்றிதழ்களைக் காட்ட வேண்டும். அவற்றுக்கு ஒளிநகல் எடுப்பதற்காகப் பவானியிலிருந்து ஈரோட்டுக்குப் பேருந்தில் சென்றவர், இறங்கும் அவசரத்தில் துணிப்பையை இருக்கையிலேயே விட்டுவிட்டார். மேல்நிலைச் சான்றிதழ் நல்ல வேளையாக வீட்டில் இருந்தது. பையிலிருந்தவை எஸ்.எஸ்.எல்.சி. சான்றிதழ்கள் இரண்டு.

"இரண்டு" என்றதைக் கவனிக்க வேண்டும். அவர் 1997 மார்ச்சுத் தேர்வில் கணிதத்தில் மட்டும் தவறி, அதே ஆண்டு அக்டோபரில் அதை எழுதித் தேறியவர். அக்காலத்தில் ஒவ்வொரு முறை எழுதிய தேர்வுக்கும் தனித்தனிச் சான்றிதழ் கிடைத்தது. மார்ச்சுச் சான்றிதழில் ஐந்து பாடங்களின் மதிப்பெண்களும் இருக்கும். கணிதத்திற்கு எதிரே தவறியதாகக் காணும். அக்டோபர்ச் சான்றிதழில் கணிதம் ஒன்றே இருக்கும். ஒன்றில்லாமல் மற்றொன்றைக் கொண்டு ஒருவர் எஸ்.எஸ்.எல்.சி. தேறியவர் என்று நிறுவ முடியாது. ஆகவே இரண்டு தடவையாகத் தேறியவர்கள் இரண்டுக்கும் இரண்டாம்படி கோர வேண்டும். பலர் கடைசியாகத் தேறிய தேர்வுக்கு மட்டும் விண்ணப்பித்து, அது கைக்கு வந்தபின் மறுபடியும் முதலிலிருந்து தொடங்குகிறார்கள்.

இயக்ககம் இரண்டாம்படியைத் தயாரிப்பது தன்னிடமுள்ள மதிப்பெண் பதிவேட்டிலிருந்துதான். அப்பதிவேட்டில் தேட உதவும் திறவுகோல், தேர்வுப் பதிவெண்ணும் தேர்வு நடந்த மாதமும் ஆண்டுமே ஆகும். பெயரைக் கொண்டு தேடுவதென்பது, ஒரே பெயர் ஆயிரம் பேருக்கு இருக்கும் நாட்டில், பஞ்சுப் பொதியில் ஊசி தேடுவதாகும். எனவே காவல் நிலையத்திற்குச் செல்லுமுன்பே பதிவெண்ணைத் தேடிப் பிடித்துக்கொள்வது நலம். பழைய ஒளிநகல் ஒன்று எங்காவது, ஒரு வேலை விண்ணப்பத்தோடோ வங்கிக் கடன் தாள்களோடோ, கிடக்கக்கூடும். இல்லையெனில் படித்த பள்ளியில் அந்த ஆண்டின் தேர்வு முடிவுப் பட்டியலைப் பார்க்கச் சொல்லிக் கேட்கலாம். நம் அம்மையாருக்கு மார்ச்சுத் தேர்வின் எண், சங்கத்தில் அவருடைய பணிக் கோப்பிலிருந்த ஒளிநகலில் கிடைத்துவிட்டது. அக்டோபர்த் தேர்வின் எண் பள்ளியில் இல்லை. வீட்டில் இரும்புப் பெட்டியின் அடியில் விரித்திருந்த காகிதங்களுக்கிடையே அத்தேர்வின் நுழைவுச்சீட்டு அகப்பட்டது. நுழைவுச்சீட்டைத் தேர்வு முடிந்தவுடன் எறிந்துவிடுகிற வழக்கத்தை நம்மவர் விட்டொழிப்பது நன்று.

அடுத்தது காவல் துறைச் சான்று. பொருள் எந்த எல்லையில் தொலைந்ததோ அந்த எல்லைக் காவல் நிலையத்தில் புகார் கொடுப்பதே முறை. பயணத்தில் தொலைந்தால், தொலைந்ததை உணர்ந்த ஊரின் நிலையத்தில் கொடுப்பது வழக்கம். புகார் கொடுத்ததும் சி.எஸ்.ஆர். எனப்படும் ரசீது ஒன்று தருவார்கள். இதைப் பெற்றவுடன் வேலை முடிந்துவிட்டதாக எண்ணிவிடலாகாது. அது புகார் பதிவானதற்கு அத்தாட்சி; அவ்வளவே. விசாரித்துத் தேடியும் சான்றிதழ் கிடைக்கவில்லை என்று நிலைய ஆய்வாளர் எழுதித் தரும் "கண்டறிய இயலாச் சான்று" வேறு. வழக்கமாகக் கேட்கப்படுவது அந்த இரண்டாவது தாளே. தமிழ்நாடு காவல் துறையின் இணையத்தளத்தில் தொலைந்த ஆவணத்தைப் பதிந்து அறிக்கை பெறும் வசதியும் இப்போது இருக்கிறது. அதுவும் பதிவதைச் சொந்தமாக நாமே செய்வதேயன்றி, விசாரணையின் முடிவு ஆகாது. விண்ணப்பத்தோடு அதை ஏற்பார்களா என்று முன்னரே தலைமையாசிரியரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு அந்த வழியில் செல்வதே உசிதம்.

நம் அம்மையாருக்கு இங்கேதான் இடறல் நேர்ந்தது. அவர் புகாரில் "என் எஸ்.எஸ்.எல்.சி. சான்றிதழ் தொலைந்துவிட்டது" என்று மட்டும் எழுதினார்; பெயருக்கு முன் கணவரின் தலைப்பெழுத்தை இட்டார். ஆதார் அட்டையில் அப்படித்தான் இருந்தது. ஆனால் 1997ஆம் ஆண்டுச் சான்றிதழில் இருந்தது தந்தையாரின் தலைப்பெழுத்து. காவல் நிலையத்தார் புகாரில் உள்ளபடியே சான்று எழுதிக் கொடுத்தனர். அதைப் பள்ளியில் காட்டியபோது தலைமையாசிரியர், "இந்தப் பெயரில் எங்கள் பதிவேட்டில் யாரும் படிக்கவில்லையே! சான்றிதழ் ஒன்று என்கிறது. நீங்கள் இரண்டு கேட்கிறீர்கள்!" என்றார். அவர்மீது குற்றமில்லை. பதிவேட்டோடு ஒத்துப்போகாத தாளை அவர் எவ்வாறு பரிந்துரைப்பார்? மீண்டும் நிலையத்திற்குச் சென்று திருத்திய சான்று பெறுவதில் இருபது நாட்கள் போய்விட்டன.

ஆகையால் புகாரிலேயே நான்கு விவரங்கள் தவறாமல் இருக்க வேண்டும். சான்றிதழில் உள்ளவாறே பெயரும் தலைப்பெழுத்தும், பிறந்த தேதி, ஒவ்வொரு சான்றிதழின் பதிவெண், தேர்வு நடந்த மாதமும் ஆண்டும். திருமணத்திற்குப்பின் பெயர் மாறியவர்கள், "பள்ளிப் பெயர் இன்னது, இப்போது வழங்கும் பெயர் இன்னது" என்று இரண்டையும் எழுதிவிட்டால் தொல்லை இல்லை. இதே நான்கு விவரங்கள் காவல் சான்றிலும், வட்டாட்சியர் சான்றிலும், விண்ணப்பத்திலும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக அமைய வேண்டும். விண்ணப்பங்கள் திரும்பி வருவதற்கு, தாள் குறைவதைக் காட்டிலும் தாள்களுக்குள் முரண்பாடு இருப்பதே பெரும்பாலும் காரணமாகிறது என்பது நம் அனுபவம்.

வட்டாட்சியர் சான்று என்றோம். சான்றிதழ் மீளப் பெற இயலாதவாறு தொலைந்துவிட்டது என்பதை வருவாய்த் துறை அதிகாரியும் உறுதி செய்வது இம்முறையின் ஓர் அங்கம். காவல் சான்றை இணைத்து மனுக் கொடுத்தால், கிராம நிர்வாக அலுவலரும் வருவாய் ஆய்வாளரும் விசாரித்து அறிக்கை தர, வட்டாட்சியர் சான்றளிப்பார். வெள்ளம், தீ முதலிய இயற்கை இடர்களால் கல்விச் சான்றுகளை இழந்தோருக்கென்று வருவாய்த் துறையின் தனிச் சான்று ஒன்றும் உண்டு. அதற்கு இ-சேவை மையங்களில் விண்ணப்பிக்கலாம். 2015 டிசம்பர் வெள்ளத்திற்குப்பின் அரசாங்கமே சிறப்பு முகாம்கள் நடத்திக் கட்டணமின்றி இரண்டாம்படிகளை அளித்ததைச் சென்னைப் பக்கத்து அங்கத்தினர்கள் அறிவார்கள். அத்தகைய முகாம் அறிவிக்கப்படும்போது தனியே அலைய வேண்டியதில்லை.

இவ்வளவும் கைக்கு வந்தபின் விண்ணப்பப் படிவத்தை நிரப்பிக் கடைசியாகப் படித்த பள்ளியின் தலைமையாசிரியரிடம் கொடுக்க வேண்டும். படிவத்தில் குறித்துள்ள கட்டணத்தை அதில் சொல்லியபடி செலுத்தி அதன் செலுத்துச்சீட்டையும், கிடைத்தால் பழைய ஒளிநகலையும், அடையாளச் சான்றின் நகலையும் இணைப்பார்கள். தொலைந்த மூலச் சான்றிதழ் பின்னர் கிடைத்தால் ஒப்படைத்துவிடுவேன் என்ற உறுதிமொழியில் விண்ணப்பதாரர் ஒப்பமிடுவார். சில இடங்களில் நோட்டரி முன்னிலையில் எழுதிய பிரமாணப் பத்திரமும் கேட்கிறார்கள். கேட்டால் எழுதினால் போதும். முன்கூட்டியே அதற்குச் செலவு செய்ய வேண்டாம். தனித்தேர்வராகவே எழுதியவர்கள் மாவட்டத்திலுள்ள அரசுத் தேர்வுகள் உதவி இயக்குநர் அலுவலகத்தை அணுகலாம். நம் அம்மையார் இரண்டு தேர்வுகளுக்கும் தனித்தனியே விண்ணப்பித்து, அனுப்பிய எல்லாத் தாள்களுக்கும் ஒரு தொகுதி ஒளிநகல் தம்மிடம் வைத்துக்கொண்டார்.

சிலருடைய சான்றிதழ் தொலைந்திராது. கிழிந்தோ, கரையான் அரித்தோ, தறிக்குழியில் ஈரம் ஏறி மை கலைந்தோ இருக்கும். அவர்கள் அத்துண்டுகளை எறிந்துவிட்டுக் காவல் நிலையத்திற்குப் போய்த் "தொலைந்தது" என்று சொல்லலாகாது. அது பொய்யுமாகும், வீண் சுற்றுமாகும். சிதைந்த தாளையே விண்ணப்பத்தோடு ஒப்படைத்து இரண்டாம்படி கோருவதே நேர்வழி. பதிவெண் தெரியும் துண்டு மிஞ்சியிருந்தால் அது பொன்னுக்குச் சமானம்.

இரண்டாம்படியில் பெயரையோ பிறந்த தேதியையோ மாற்றித் தரும்படி கேட்பவர்களும் இருக்கிறார்கள். அது நடவாது. பதிவேட்டில் உள்ளது எதுவோ அதுவே இரண்டாம்படியிலும் வரும். திருத்தம் வேண்டுவோர் அதற்குரிய தனி விண்ணப்பத்தைத்தான் நாட வேண்டும். இரண்டையும் ஒரே மனுவில் கலந்தால் இரண்டும் நின்றுபோகும்.

அண்மைக் காலத்தில் தேறிய இளைஞர்களுக்கு ஓர் ஆறுதல் உண்டு. அவர்களில் பலருடைய மதிப்பெண் சான்றிதழ்கள் மத்திய அரசின் டிஜிலாக்கர் என்னும் மின்னணுப் பெட்டகத்தில் கிடைக்கின்றன. பதிவெண்ணும் ஆண்டும் தெரிந்தால் அங்கே எடுத்துப் பார்த்துக்கொள்ளலாம். எனினும் மூலத்தைக் கையில் கொண்டுவரச் சொல்லும் இடங்களில் தாள் வடிவ இரண்டாம்படி வேண்டியிருக்கும். 1997இல் தேறியவருக்கு அந்தப் பெட்டகம் உதவவில்லை.

அம்மையாரின் சேர்க்கைக்குக் கடைசி நாள் இதற்கிடையில் வந்துவிட்டது. அவர் காவல் சான்றின் நகலையும், தலைமையாசிரியர் விண்ணப்பத்தை அனுப்பியதற்கான கடிதத்தையும், பழைய ஒளிநகலையும் பயிற்சி நிலையத்தில் காட்டி, மூலச் சான்றுகளை அளிக்கக் கால அவகாசம் கேட்டு எழுதிக் கொடுத்தார். மேல்நிலைச் சான்றிதழ் மூலத்தில் பிறந்த தேதியும் பெயரும் இருந்தமையால் அவகாசம் தந்து சேர்த்துக்கொண்டார்கள். பை தொலைந்த நாளிலிருந்து நான்காம் மாதம் இரண்டு சான்றிதழ்களும் பள்ளி வழியாக வந்து சேர்ந்தன. கையெழுத்திட்டு வாங்குமுன் பெயர், தேதி, மதிப்பெண் மூன்றையும் ஒளிநகலோடு ஒத்துப் பார்த்தார். அக்டோபர்த் தாளில் கணிதம் ஒன்றே இருப்பதையும் சரிபார்த்துக்கொண்டு, அன்றைக்கே பயிற்சி நிலையத்தில் காட்டிவந்தார்.