முதல் செய்தியில் என்ன எழுதலாம்?



“மார்க்கப் பற்றுள்ள குடும்பம். பையன் பி.இ., ஓசூரில் வேலை. விருப்பமிருந்தால் தொடர்பு கொள்ளவும்.” திருமணத் தளங்களில் நம் வீடுகளிலிருந்து போகும் முதல் செய்தி பெரும்பாலும் இப்படித்தான் இருக்கிறது. இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் ஒரு சொல்லும் மாற்றாமல் இதையே பத்து வீட்டுக்கு அனுப்பலாம். படிப்பவர்களுக்கும் அது தெரிந்துவிடுகிறது.

ஓர் உதாரணம் பார்ப்போம். பெண் கிருஷ்ணகிரி; பள்ளி ஆசிரியை. வீட்டில் தமிழ். பதிவைத் தொடங்கியவர் தகப்பனார். நிக்காஹ்வுக்குப் பிறகும் வேலையைத் தொடர விருப்பம் என்று எழுதியிருக்கிறார். அவருக்குப் பையனின் தகப்பனார் இப்படி எழுதலாம்:

“அஸ்ஸலாமு அலைக்கும் பாய். நான் பையனின் தகப்பன். உங்கள் மகள் வேலையைத் தொடர விரும்புவதாகப் படித்தோம், எங்களுக்குச் சம்மதமே. மூத்த மருமகளும் வேலைக்குப் போகிறார், பேரனை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். மகனுக்கு சிப்காட்டில் வேலை; மூன்று வாரத்துக்கு ஒரு வாரம் நைட் ஷிப்ட். வீட்டில் உருது பேசுவோம், தமிழும் எல்லோருக்கும் வரும். ஓசூர்ப் பக்கம் பள்ளி மாற்றிக்கொள்ள உங்கள் மகளுக்கு மனம் வருமா? அவரிடம் கேட்டுச் சொல்லுங்கள்.”

பதிவைத் தொடங்கியவர் யார் என்று பார்த்து, அவரை விளித்து எழுதியிருக்கிறார். அவர்கள் எழுதிய ஒரு விஷயத்தை எடுத்துக்கொண்டு பதில் சொல்கிறார். “நல்ல குடும்பம்” என்று சொல்லிக்கொள்ளவில்லை. பேரனைப் பார்த்துக்கொள்வதைச் சொன்னதிலேயே அது விளங்குகிறது. முடிவில் ஒரே ஒரு கேள்வி. அதுவும் பெண்ணின் விருப்பத்தைக் கேட்பது.

நைட் ஷிப்டையும் வீட்டு மொழியையும் முதலிலேயே சொல்லலாமா என்று சிலர் தயங்குவார்கள். நபி (ஸல்) அவர்கள் ஹாதிப் இப்னு அபீ பல்தஆ (ரலி) வழியாகப் பெண் கேட்டு அனுப்பியபோது, உம்மு ஸலமா (ரலி) அவர்கள் தமக்கு ஒரு மகள் இருப்பதையும், தாம் ரோஷ குணம் உள்ளவர் என்பதையும் மறைக்காமல் சொன்னார்கள். இது ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. அந்தச் சம்பந்தம் முறியவில்லை. நிச்சயத்துக்குப் பிறகு தெரிந்து மனம் கசப்பதைவிட, முதலிலேயே தெரிந்து ஒரு வீட்டார் விலகிக்கொள்வது இரு பக்கத்துக்கும் நல்லது.

வீட்டு முகவரி, சம்பள ரசீது, கூடுதல் புகைப்படங்கள் ஆகியவற்றை முதல் செய்தியில் அனுப்ப வேண்டாம். மஹர் பேச்சும் பெரியவர்கள் நேரில் உட்காரும்போது வரட்டும். பதில் வராவிட்டால் மறுபடி மறுபடி எழுதி வற்புறுத்த வேண்டாம்.

அனுப்பும் முன் ஒருமுறை படித்துப் பாருங்கள். இதே செய்தியை வேறொரு வீட்டுக்கும் அப்படியே அனுப்ப முடியுமென்றால், அவர்கள் பதிவை இன்னொரு முறை வாசித்துவிட்டு எழுதுங்கள்.

வஸ்ஸலாம்.