காப்பீட்டுத் துண்டறிக்கை: மாதங்களைத் தேதிகளாக எழுதிக்கொள்ளுங்கள்

தனிநபர், குடும்ப மருத்துவக் காப்பீடுகளின் துண்டறிக்கைகளில் ‘விலக்குகள்’ என்னும் ஒரே தலைப்பின்கீழ் இரு வேறு செய்திகள் இடம்பெறுகின்றன. ஒன்று, எக்காலத்திலும் பணம் கிடைக்காத சிகிச்சைகள். அழகுக்காக மட்டும் செய்துகொள்ளும் அறுவை சிகிச்சை அவற்றுள் ஒன்று. மற்றொன்று, குறிப்பிட்ட காலம் கழிந்தபின் பணம் கிடைக்கும் சிகிச்சைகள். அக்காலமே காத்திருப்புக் காலம். எனவே முதற்பணியாக ஒரு தாளை எடுத்து, ‘எப்போதும் கிடைக்காதவை’, ‘பின்னர் கிடைப்பவை’ என இரண்டாகப் பிரித்து எழுதுங்கள்.

காத்திருப்புக் காலம் மூன்று வகைப்படும். பாலிசி தொடங்கிய முதல் 30 நாள்களில் விபத்து தவிர வேறு எந்த நோய்க்கும் பணம் கிடைக்காது. அடுத்தது, கண்புரை, குடலிறக்கம், மூட்டு மாற்று போன்று துண்டறிக்கையில் பெயர் சொல்லிக் குறிப்பிடப்படும் சிகிச்சைகளுக்கு உரியது. இது பெரும்பாலும் 24 மாதம். அந்த நோய் உங்களுக்கு முன்பு இல்லாதிருந்தாலும் இது பொருந்தும். மூன்றாவது, முன்பே இருந்த நோய்க்கு உரியது. இதன் உச்ச வரம்பு 2024 ஏப்ரல் முதல் 36 மாதம். பாலிசி எடுப்பதற்கு முந்தைய 36 மாதங்களுக்குள் மருத்துவர் கண்டறிந்த, அல்லது சிகிச்சையோ ஆலோசனையோ கூறிய நோயே ‘முன்பே இருந்த நோய்’. மாத்திரை எதுவும் உட்கொள்ளவில்லை என்பதால் அது இல்லாத நோய் ஆகிவிடாது.

இனி ஓர் எடுத்துக்காட்டு. 58 வயதுப் பெண்மணி ஒருவருக்கு 2023இல் முழங்கால் மூட்டுத் தேய்மானம் கண்டறியப்பட்டது. அதனைத் தெரிவித்தே, 2024 ஜூலை 1 அன்று 5 லட்சம் ரூபாய்க்குப் பாலிசி எடுத்தார்; நிறுவனமும் ஏற்றுக்கொண்டது. 2026 ஜூலையில் புதுப்பிக்கும்போது தொகையை 10 லட்சமாக உயர்த்தினார். மூட்டு மாற்றுக்கு 24 மாதம் என்று பட்டியலில் கண்ட குடும்பத்தார், ஆகஸ்டில் அறுவை சிகிச்சைக்கு நாள் குறிக்கின்றனர். முன் அனுமதி மறுக்கப்படுகிறது.

காரணம், துண்டறிக்கையின் வேறோர் இடத்தில் உள்ள ஒரு வரி. ஒரே சிகிச்சை இரு காத்திருப்புக் காலங்களிலும் அடங்கினால், இரண்டில் நீண்டதே பொருந்தும் என்பது அதன் பொருள். இன்னொரு வரி, உயர்த்தப்பட்ட தொகைக்கு மட்டும் காத்திருப்பு புதிதாகத் தொடங்கும் என்கிறது. இவ்வரிகளை அவருக்காக எளிய சொற்களில் எழுதினால் இவ்வாறு அமையும்:

தேய்மானத்திற்கான மூட்டு மாற்றுக்கு 2027 ஜூன் 30 வரை பணம் இல்லை.
2027 ஜூலை 1 முதல் 5 லட்சம் வரை கிடைக்கும்.
கூடுதல் 5 லட்சம் 2029 ஜூலை 1 முதல் கிடைக்கும்.
விபத்தில் முழங்கால் எலும்பு முறிந்தால் இக்காத்திருப்பு இல்லை.
சலுகைக் காலத்திற்குள் புதுப்பிக்கத் தவறினால் இத்தேதிகள் செல்லாது. எண்ணிக்கை மீண்டும் முதலிலிருந்து தொடங்கும்.

எந்த நோய், எந்தத் தேதி, எவ்வளவு தொகை, எது விதிவிலக்கு, எதனால் இழக்க நேரும் என்னும் ஐந்து கேள்விகளுக்கும் இதில் விடை உண்டு. உங்கள் வீட்டில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே இவ்வாறு எழுதுங்கள். ஒரே பாலிசியாயினும், பிறகு சேர்க்கப்பட்டவருக்குக் கணக்கு அவர் சேர்ந்த நாளிலிருந்தே தொடங்கும். எழுதிய தாளை நிறுவனத்திடம் அனுப்பி, ‘இது சரியா?’ என்று கேட்டு எழுத்தில் பதில் பெறுங்கள். பாலிசியுடன் வரும் வாடிக்கையாளர் தகவல் தாளைத் தமிழிலேயே தருமாறும் கேட்கலாம். புதிய பாலிசி ஏற்புடையதன்று எனத் தெரிந்தால், ஆவணம் கைக்கு வந்த 30 நாள்களுக்குள் திருப்பி அளிக்கலாம்.

மருத்துவமனையில் கவனிக்க வேண்டியவை இரண்டு. ‘எத்தனை நாளாக இந்த நோய்?’ என்று நாங்கள் கேட்டு எழுதும் விடையைக் காப்பீட்டு நிறுவனமும் படிக்கும். ‘ரொம்ப நாளாக’ என்னும் விடையை எவரும் எப்படியும் பொருள்கொள்ளலாம். பழைய மருந்துச் சீட்டுகளைக் கொண்டுவந்து, ஆண்டையும் மாதத்தையும் உள்ளபடி கூறுங்கள். பின்னர் அதனை மாற்றி எழுத எங்களால் இயலாது.

மற்றது, தேதிக்காகக் காத்திருக்கலாமா என்பது. மூட்டு மாற்றைப் பல வேளைகளில் மருந்தாலும் உடற்பயிற்சியாலும் சில மாதங்கள் தள்ளிவைக்க இயலும். ஆனால் குடலிறக்கத்தில் வீக்கம் உள்ளே செல்லாமல் இறுகி, வலியும் வாந்தியும் தோன்றினால் ஒரு நாளும் தள்ளிவைக்கலாகாது. உங்கள் தாளில் உள்ள தேதியை மருத்துவரிடம் காட்டி, அதுவரை பொறுப்பது பாதுகாப்பானதா என்று கேளுங்கள். அவ்விடையைத் துண்டறிக்கை தராது.