பலகைக் கூரையில் நேர்கோடாக ஈரமா?

முன்வார்ப்பு கான்கிரீட் பலகைகளுக்கு இடையே ஹாலோ பிளாக் அடுக்கிய கூரையில், ஈரம் பெரும்பாலும் நேர்கோடாகத் தெரியும். பலகையும் பிளாக்கும் சேரும் இடம் அது. ஆனா ஓட்டை அதற்கு நேர் மேலேயே இருக்கணும்னு இல்லை. பிளாக்கின் பொந்து வழியாகத் தண்ணீர் ஓடி வந்திருக்கலாம். அதனால அடியில் பூசிப் பயனில்லை.

மேலே கம்பிவலையோடு போட்ட 2 அங்குல கான்கிரீட்டில் விரிசலைத் தேடி அடையுங்க. 10 அடிக்கு ஒன்றரை அங்குலம் வாட்டம் கொடுத்து, நீர்த்தடுப்புப் பூச்சைக் கைப்பிடிச் சுவரிலும் அரை அடி ஏற்றுங்க. பூச்சு காய்ந்ததும் 24 மணி நேரம் தண்ணீர் தேக்கிப் பாருங்க.

கசியலைன்னா அதன்மேல் செங்கல் ஜல்லி சுண்ணாம்புத் தளமும் தட்டோடும் போடலாம். பிளாக்கின் உள்காற்று சூட்டைக் குறைத்தாலும், பலகை வழியாகச் சூடு இறங்கும். இந்தக் கூடுதல் பாரத்தைக் கூரை தாங்குமான்னு முதலில் பொறியாளரிடம் கேட்டுக்கோங்க.