போனஸ் பங்கு இலவசமா?

கேள்வி: 1,000 ரூபாய் வீதம் 100 பங்குகள் வாங்கினேன். ஒன்றுக்கு ஒன்று போனஸ் தந்தார்கள். இதற்கு வரி உண்டா?

பதில்: கிடைத்த அன்று வரி இல்லை. நிறுவனம் தன் கையிருப்பு லாபத்தைப் பங்கு மூலதனமாக மாற்றி எழுதியிருக்கிறது. அதில் உங்கள் பங்கு விகிதம் மாறவில்லை. போனஸுக்கு முன் சந்தை விலை 1,200 ரூபாய் என்றால், அது 600 ஆகச் சரியும். மொத்த மதிப்பு அதே 1,20,000தான். விற்கும்போதுதான் கணக்கு வேறுபடும். போனஸ் பங்கின் அடக்க விலையைச் சட்டம் பூஜ்யம் என்கிறது. 600 ரூபாய்க்கு விற்றால் பழைய பங்குகளில் 40,000 நஷ்டம், போனஸில் 60,000 லாபம். இதுவே பங்குப் பிரிப்பாக இருந்தால் அடக்க விலை ஒவ்வொன்றுக்கும் 500. இரண்டிலும் மொத்த லாபம் 20,000தான். ஆனால் வைத்திருந்த காலம் போனஸுக்கு ஒதுக்கீட்டு நாளிலிருந்தும், பிரிப்புக்கு முதலில் வாங்கிய நாளிலிருந்தும் எண்ணப்படும்.

அப்படியானால் பழையதை மட்டும் விற்று நஷ்டம் காட்டலாமே என்பீர்கள். பதிவுத் தேதிக்கு முந்தைய மூன்று மாதத்துக்குள் வாங்கி, போனஸைக் கையில் வைத்துக்கொண்டு, பிந்தைய ஒன்பது மாதத்துக்குள் பழையதை விற்றால் அந்த நஷ்டம் செல்லாது. மீதமுள்ள போனஸின் அடக்க விலையாகிவிடும். டீமேட்டில் முதலில் வந்ததே முதலில் விற்றதாகும் என்பதால், ஒதுக்கீட்டுத் தேதியைக் குறித்து வையுங்கள்.