தீபாவளிக்கு எத்தனை கிலோ கோதுமை மா?

பெரகல சந்தியிலும் தோட்டங்களிலும் பலசரக்குக் கடை வைத்திருப்பவர்களுக்கு:

• சராசரி: பண்டிகை இல்லாத கடைசி மூன்று மாத விற்பனையைக் கூட்டி மூன்றால் வகுங்கள். 200, 220, 210 கிலோ விற்றிருந்தால் சராசரி 210.

• பண்டிகை மடங்கு: போன வருடம் சாதாரண மாதச் சராசரி 200 கிலோ, தீபாவளிக்கு முந்தைய நான்கு வாரங்களில் 300 கிலோ என்றால் மடங்கு 1.5. இவ்வருடத் தேவை 210 × 1.5 = 315 கிலோ. கையிருப்பைக் கழித்துவிட்டு மிச்சத்தை வாங்குங்கள்.

• மாதத்தை நம்பாதீர்கள்: தீபாவளி 2025இல் ஒக்டோபர் 20, 2026இல் நவம்பர் 8. போன ஒக்டோபரை இந்த ஒக்டோபரோடு ஒப்பிட்டால் கணக்குப் பிழைக்கும். பண்டிகை நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்.

• மா தீர்ந்த நாட்கள்: கொப்பியில் குறித்து வையுங்கள். அந்த மாத விற்பனை உண்மையான தேவையைவிடக் குறைவாகவே தெரியும்.