பொன்வட்டிலைக் கொண்டுவந்தது யார்?

எங்கள் தெருவில் விப்ரநாராயணர் நாடகம் போட்டார்கள். சேவகர்கள் அவரைப் பிடிக்க வந்ததும், எழுதப் படிக்கத் தெரியாத என் அம்மா, "அவர் எடுக்கலைய்யா!" என்று கத்திவிட்டாள். "முடிவு தெரிஞ்ச கதைதானேம்மா?" என்றேன். "நமக்குத் தெரியும், அவருக்குத் தெரியாதேடா!" என்றாள். இதைத்தான் நாடக முரண் என்கிறார்கள்.

ஸ்ரீரங்கத்துக் கதை இது. தேவதேவியிடம் பொருளையெல்லாம் இழந்து அவள் வாசலில் கிடக்கிறார் விப்ரநாராயணர். அரங்கனே வேற்றுருவில் வந்து, அவர் கொடுத்தனுப்பியதாகச் சொல்லிக் கோயில் பொன்வட்டிலைத் தருகிறார். கதவு திறக்கிறது. விடிந்ததும் வட்டிலைக் காணோம், பழி இவர்மேல். தேவதேவிக்குப் பாதிதான் தெரியும், இவருக்கு ஒன்றுமே தெரியாது. முழுதும் அறிந்தவர்கள் நாம்தான்.

வட்டில் கொடுத்ததை மறைத்து, கைதிலிருந்து தொடங்கினால் என்ன ஆகும்? துப்பறியும் கதையாகிவிடும்; கடைசியில் ஒரு நிமிஷ ஆச்சரியம், அவ்வளவுதான். முன்பே காட்டியதால், அவர் சந்தோஷமாக உள்ளே போகும் காட்சிகூட நம் வயிற்றைக் கலக்குகிறது. சிவாஜி விப்ரநாராயணராக நடித்த 'திருமால் பெருமை' (1968) பார்ப்பவர்கள் இந்த இடத்தைக் கவனியுங்கள்.

ஒரு சிக்கலும் உண்டு. "திடீரென்று ஏன் கூப்பிட்டாய்?" என்று அவர் கேட்டிருந்தால் குட்டு உடைந்திருக்கும். மயக்கத்தில் கேட்கவில்லை என்பதால் ஒப்புக்கொள்கிறோம். சில படங்களில் காரணமே இல்லாமல் வாயை மூடிக்கொண்டு நிற்பார்கள். அங்கே பதைப்பு வராது, எரிச்சல்தான் வரும்.